சரக்கைத் திருப்பி அனுப்பும் முன்

புதிதாக மின்சாதனக் கடை போட்டிருக்கும் தம்பி, தங்கைகளே, கம்பெனியின் ரிட்டர்ன் பாலிசியைப் படிக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. அனுமதி எண் வராமல் சரக்கை லாரியில் ஏற்றாதீர்கள். பாலிசியில் 'ஆர்.எம்.ஏ.' என்று இருப்பது இந்த எண்தான். பில் எண், மாடல், எண்ணிக்கை, காரணம், போட்டோ எல்லாவற்றையும் அனுப்பிக் கேட்டால், சரிபார்த்துத் தருவார்கள். அதைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். எண் இல்லாத பெட்டியைக் குடோனில் இறக்க மறுத்தால், போக வர லாரி வாடகை உங்கள் தலையில் விழும். எண்ணுக்கும் கெடு உண்டு. அது முடிவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும்.

2. காரணத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். உடைசல், பழுது, மாறி வந்த மாடல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ரீஸ்டாக்கிங் கட்டணம் கிடையாது. விற்காமல் தேங்கியதற்கு உண்டு. திரும்பிய சரக்கைச் சோதித்து மறுபடி ஸ்டாக்கில் சேர்க்கும் செலவு அது. 3 மின்விசிறி பழுது, 12 தேக்கம் என்றால் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதினால் பழுதானதற்கும் கட்டணம் பிடித்துவிடுவார்கள்.

3. சரக்கு வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். உடைசலைச் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். பெட்டி நசுங்கியிருந்தால், டெலிவரி ரசீதில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் கையெழுத்து, சரக்கு நன்றாக வந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

4. திருப்புவதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஜி.எஸ்.டி.யைத் தள்ளிவைத்துப் பார்ப்போம். 1,500 ரூபாய்க்கு வாங்கிய மின்விசிறி 12 தேங்கினால் அசல் 18,000. கட்டணம் 15 சதவீதம் என்றால் 2,700 போகும். லாரி வாடகை 600. மிஞ்சுவது 15,300 இல்லை, 14,700தான். ஒரு விசிறிக்கு நஷ்டம் 275 ரூபாய். ஆகவே அசலில் 200 குறைத்து 1,300க்கு உள்ளூரிலேயே விற்றாலும் திருப்புவதைவிட லாபம்.

5. கம்பெனிப் பெட்டியின் மேல் உங்கள் விலைச் சீட்டை ஒட்டாதீர்கள். அசல் பெட்டி, உதிரிகள், வாரண்டி அட்டை இவற்றில் ஒன்று குறைந்தாலும் சோதனையில் தள்ளிவிடலாம், கட்டணத்தைக் கூட்டவும் செய்யலாம். சரக்கு தேறிய பிறகே கிரெடிட் நோட் வரும். அது ஜி.எஸ்.டி.யோடு வந்தால், திருப்பிய சரக்குக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ஆடிட்டரிடம் அன்றே கொடுங்கள்.

6. பேரம் பேசும் நேரம் முதல் ஆர்டருக்கு முன்புதான். கட்டணம் எத்தனை சதவீதம், எத்தனை நாள் கெடு, வாடகை யாருடையது, பணமா கிரெடிட்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதே மதிப்புக்கு வேறு சரக்கு எடுத்தால் கட்டணத்தை விடுவார்களா என்றும் கேளுங்கள். ஆர்டர் வேண்டுமென்று காத்திருக்கும் விற்பனைப் பிரதிநிதி அப்போது இறங்கி வருவார். சரக்கு உங்கள் கடைக்கு வந்தபின் பாலிசியில் உள்ளதுதான் பேசும்.