துடிப்பு கேட்கிறது, அதனால் இதயம் நலமா?

‘துடிப்பு நல்லா இருக்கு’ என்று ஸ்கேன் அறையில் சொன்னதும் பாதிப் பயம் தீர்ந்துவிடுகிறது. திருப்பத்தூரிலும் ஆலங்காயத்திலும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பும் குடும்பங்களிடம் கேட்டால், குழந்தையின் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் துடிப்பின் வேகம் நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருந்தால் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது என்று மட்டுமே பொருள். எந்த அறையிலிருந்து எந்தக் குழாய் கிளம்புகிறது, தடுப்புச்சுவர் முழுமையாக இருக்கிறதா என்பதெல்லாம் துடிப்பில் தெரியாது.

இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைப் புரிந்துகொள்ள ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடது கீழறையிலிருந்து பெருந்தமனியும் வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் கிளம்ப வேண்டும். சில குழந்தைகளுக்கு இவை இரண்டும் இடம் மாறி அமைந்துவிடும். அப்போது நுரையீரலில் பிராணவாயு ஏற்றிக்கொண்ட இரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். உடம்பிலிருந்து வரும் இரத்தம் பிராணவாயு இல்லாமலே உடம்புக்குத் திரும்பும்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை இதனால் குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அங்கே நுரையீரலின் வேலையைத் தாயின் நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்கிறது. போதாததற்கு, இரண்டு மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பும், பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு குட்டைக் குழாயும் எல்லாக் கருவுக்கும் இயற்கையாகவே உண்டு. இரத்தம் அவற்றின் வழியே கலந்துகொள்ளும். அதனால் எடை சரியாக ஏறும், துடிப்பு சரியாக இருக்கும், குழந்தை நன்றாக உதைக்கும். சிக்கல் பிறந்த பிறகுதான். தொப்புள்கொடி அறுக்கப்பட்டதும் அந்தக் குட்டைக் குழாய் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மூடத் தொடங்கும். குழந்தை நீலமாகும்.

‘அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சிடும்’ என்பது அடுத்த நம்பிக்கை. அனாமலி ஸ்கேன் எனப்படும் அந்த ஸ்கேன் தலை முதல் கால் வரை பார்ப்பது. அதில் இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் பார்த்து முடித்துவிட்டால், நான் மேலே சொன்ன குழந்தை ‘நார்மல்’ என்றே வீடு திரும்பும். ஏனென்றால் அதற்கு நான்கு அறைகளும் சரியாகவே இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடம் மாறிய இதயத்தில் அவை கடக்காமல் பக்கம் பக்கமாக இணையாக ஓடும். கழுத்தை ஒட்டிய மேல் மார்பில் மூன்று குழாய்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இரண்டுதான் தெரியும். ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதில் ‘ஃபோர் சேம்பர் வியூ’ என்பதோடு ‘அவுட்ஃப்ளோ டிராக்ட்ஸ்’, ‘த்ரீ வெசல் வியூ’ ஆகிய வரிகளும் இருக்கின்றனவா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

அந்தப் பார்வையில் சந்தேகம் வந்தாலோ, தாய்க்கு ஏதேனும் காரணம் இருந்தாலோ, இதயத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ எடுக்கச் சொல்வார்கள். இதுவும் ஒலி அலையில் எடுக்கும் ஸ்கேன்தான். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. 18 முதல் 22 வாரம் ஏற்ற காலம். அப்போதும் கருவின் இதயம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். குழந்தை குப்புறப் படுத்திருந்தால் முதுகெலும்பின் நிழல் மறைக்கும். தாயைச் சற்று நடந்துவரச் சொல்வார்கள், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மறுபடி கூப்பிட்டதாலேயே ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட வேண்டாம்.

காலத்தைத் தள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிகக் கடுமையான குறை என்றால், கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க அவகாசம் வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 24 வாரத்துக்குப் பிறகு கருவின் குறைக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க மருத்துவக் குழுவின் ஒப்புதல் தேவை.

‘எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே’ என்பதை நிறையக் கேட்கலாம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. ஃபீட்டல் எக்கோ கட்டாயம் வேண்டும் என்று சொல்லப்படுகிறவர்கள் சிலர் உண்டு: கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ மூத்த குழந்தைக்கோ பிறவி இதயக் குறை உள்ளவர்கள், வலிப்புக்கு வால்புரோயேட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடித்தவர்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, மலை ஏறி இறங்கியதாலோ, அழுததாலோ இதயத்தில் ஓட்டை விழுவதில்லை. கருவின் இதயம் எட்டாவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பல பெண்கள் நாள் தள்ளிப்போனதை வீட்டில் சொல்வதே அந்தச் சமயத்தில்தான். ஏழாம் மாதத்தில் நடந்த எதையும் காட்டி அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவது அநியாயம்.

எக்கோவால் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? முடியாது. அதன் காரணமும் நான் மேலே சொன்ன அந்த இரண்டு வழிகளில் இருக்கிறது. மேலறைத் திறப்பும் குட்டைக் குழாயும் கருவில் திறந்துதான் இருக்க வேண்டும். அவை பிறந்த பிறகு மூடாமல் போகுமா என்பதை முன்கூட்டி எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. கீழறைச் சுவரில் உள்ள சிறு ஓட்டையும் கண்ணில் படாமல் போகலாம். அவற்றில் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பதைச் சந்தேகப்படத்தான் முடியும். பிறந்த பிறகு பார்த்தால் சிலருக்கு ஒன்றும் இருக்காது. இதயத்தின் ஒரு பாதி வளராமல் இருப்பது, வால்வு அமையாமல் இருப்பது, நடுச்சுவரில் பெரிய இடைவெளி, இடம் மாறிய குழாய்கள் போன்ற பெரிய குறைகளைத் தேர்ந்த கை பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

இனி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரசவம். 20வது வாரத்தில் குழாய்கள் இடம் மாறியிருப்பது தெரிகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். தாய்வீடு மலையில் இன்னும் உள்ளே இருக்கிறது. வளைகாப்பைத் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் பிரசவம் எங்கே என்பதை அந்தக் குழந்தையின் இதயம்தான் தீர்மானிக்க வேண்டும்.

மலையிலோ தாலுகா மருத்துவமனையிலோ பிறந்தால், நீலமான குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, திருப்பத்தூரிலிருந்து மேலும் 90 கிலோமீட்டர் போல வேலூருக்குப் போக வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும்போது அதே குழந்தை தாயோடு ரயிலிலேயே போய்விடலாம்: ஜோலார்பேட்டையில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறும் குழந்தை இதய மருத்துவமும் இரண்டும் உண்டு. அடுத்த வாய்ப்பு சென்னை. 36, 37வது வாரத்திலேயே மலையை விட்டு இறங்கி, அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுவது நல்லது.

‘இதயக் குறைன்னா ஆபரேஷன் பிரசவந்தான், அதுவும் சீக்கிரமே எடுத்துடணும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. பெரும்பாலான இதயக் குறைகளில் சுகப்பிரசவத்தைக் குழந்தை தாங்கும். சீக்கிரம் எடுத்தால்தான் கெடுதல். எடை குறைந்த, நுரையீரல் முதிராத குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை இன்னும் கடினம். 39வது வாரம்வரை காத்திருந்து, நிபுணர்கள் பணியில் இருக்கும் நாளில் வலி வரவழைப்பது பல இடங்களில் நடைமுறை.

குழந்தை பிறந்ததும் தொப்புள் வழியாக ஊசி போட்டு, குட்டைக் குழாயை மூடவிடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். அந்த மருந்தால் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வரலாம். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். மேலறைத் திறப்பு போதாவிட்டால் சிறு பலூனை உள்ளே செலுத்தி அகலப்படுத்துவார்கள். பிறகு முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் குழாய்களை வெட்டி இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை. தள்ளிப்போட்டால் இடது கீழறையின் தசை பலம் குறைந்து, உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ள முடியாமல் போகும். தேர்ந்த மையங்களில் இந்த அறுவை செய்துகொண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து, பள்ளிக்குப் போய், விளையாடி வளர்கிறார்கள்.

பணத்துக்கான வேலையைப் பிரசவத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ரேஷன் அட்டை, வருமானச் சான்று, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிந்து அட்டை வாங்கிவிடலாம். பிறந்த குழந்தையின் சிகிச்சைக்கு என்ன தாள்கள் வேண்டும், செலவில் எவ்வளவு திட்டத்தில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு வையுங்கள். எக்கோ ரிப்போர்ட், பிக்மி எண், தாயின் இரத்த வகை ஆகியவற்றின் நகல் கணவரிடம் ஒன்று, மாமியாரிடம் ஒன்று இருக்கட்டும். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் பழக்கம் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆயாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனில் எதுவும் தெரியாத குழந்தைகளுக்கும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் உடனே இதய எக்கோ. இரண்டிலும் 95க்குக் குறைவாகவோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசமாகவோ இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். வலி இல்லாத, சில நிமிடச் சோதனை. வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்டு வாங்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு கை கால் மட்டும் நீலமாக இருந்தால் அது குளிராகவும் இருக்கலாம். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமாக இருந்தாலோ, பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் விட்டுவிட்டாலோ, சீர் என்று மந்திரிக்கப் போகாமல் 108ஐ அழையுங்கள்.