ஆகஸ்ட் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி: யார் கட்டுவது, எங்கே போகிறது?



ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் மாதச் சம்பளம் வந்தவுடன் குழுக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "ஆயிரம் ரூபாய் குறையுதுக்கா, கேட்டா தொழில் வரின்னு சொல்றாங்க. நான் என்ன தொழிலா பண்றேன்? வேலைக்குத்தானே போறேன்?" என்று கேட்கிறார்கள். ஜனவரிச் சம்பளத்திலும் இதே கதை. நம் பகுதிக் கூட்டமைப்பின் தையல் கூடத்திலும் சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். ஆகவே இந்த வரியைக் கொடுப்பவர்களும் நாம்தான், பிடித்துக் கட்ட வேண்டியவர்களும் நாம்தான். அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடை வைத்திருப்பவர், டாக்டர், வக்கீல் இவர்களுக்கு மட்டும் உள்ள வரி அல்ல இது. சம்பளம் வாங்கும் எல்லாருக்கும் உண்டு. சம்பளச் சீட்டில் "பி.டி." என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே "பி.எஃப்." என்றும் இருக்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து, "வேலையை விடும்போது திரும்ப வந்துடும்" என்று சொல்லும் சகோதரிகள் நம்மில் நிறைய பேர். பி.எஃப். உங்கள் சேமிப்பு, திரும்பி வரும். பி.டி. வரி, அது திரும்பி வராது.

மகாராஷ்டிரா, கர்நாடகா போன்ற மாநிலங்களில் இந்த வரியை மாநில அரசே வசூலிக்கிறது. தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்கு உரியது. சென்னையில் வேலை செய்தால் சென்னை மாநகராட்சிக்குப் போகும், கிராமத்தில் வேலை செய்தால் அந்த ஊராட்சிக்குப் போகும். நீங்கள் குடியிருக்கும் இடம் கணக்கில் வராது, வேலை செய்யும் இடம்தான் கணக்கு. வேளச்சேரியில் குடியிருந்து தாம்பரத்தில் உள்ள எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற சகோதரியின் வரி தாம்பரம் மாநகராட்சிக்குச் சேரும்.

வரியைக் கணக்கிடுவது மாதத்துக்கு அல்ல, அரையாண்டுக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஆறு மாதச் சம்பளத்தையும் கூட்டி, அது எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படிக்கு உரிய தொகையைக் கட்ட வேண்டும். கூட்ட வேண்டியது கைக்கு வரும் பணத்தை அல்ல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பிடிப்பதற்கு முன்னால் இருக்கும் மொத்தச் சம்பளத்தை.

சென்னையில் ஆறு மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. அதற்கு மேல் 30,000 வரை 180 ரூபாய், 45,000 வரை 425 ரூபாய், 60,000 வரை 930 ரூபாய், 75,000 வரை 1,025 ரூபாய். 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். மாநகராட்சி 2024-ஆம் ஆண்டு உயர்த்திய பிறகு உள்ள தொகைகள் இவை. மற்ற ஊர்களில் தொகை மாறும். அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் படிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு 21,000 என்றால் மாதம் 3,500 ரூபாய். அந்த எல்லை 1998-ஆம் ஆண்டு வைத்தது. அன்றைக்கு 3,500 ரூபாய் ஓரளவு நல்ல சம்பளம். இன்றைக்கு அரை நாள் வேலைக்குப் போகிறவர்கூட அதைத் தாண்டிவிடுகிறார். வரித் தொகையை மட்டும் அவ்வப்போது ஏற்றுகிறார்கள், எல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மேல்பக்கமும் பாருங்கள். அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. 1988-இல் வைத்த வரம்பு அது. அரையாண்டுக்கு 1,250 என்றால் வருடத்துக்குச் சரியாக 2,500. மேல்படிக்கு இனி ஏற்ற இடமில்லை. ஆகவே 2024-இல் உயர்த்தியபோது ஏறியவை கீழ் மூன்று படிகள்தான்: 135 ரூபாய் 180 ஆனது, 315 ரூபாய் 425 ஆனது, 690 ரூபாய் 930 ஆனது. மாதம் ஒரு லட்சம் வாங்கும் மேனேஜரும் 1,250 கட்டுகிறார், அவர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து மாதம் 12,600 வாங்கும் சகோதரியும் 1,250 கட்டுகிறார். இது சரியில்லை என்பதுதான் எங்கள் கருத்து. மகாராஷ்டிராவில் 2023 முதல் மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்குத் தொழில் வரி இல்லை. கர்நாடகத்தில் அதே ஆண்டில் ஆண், பெண் எல்லாருக்குமே 25,000-க்குக் கீழ் வரி இல்லை என்று ஆக்கினார்கள். நம் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கும்போது இந்த இரண்டையும் எழுதலாம்.

இனி நம் தையல் கூடத்தின் கணக்கை ஒரு மாதிரியாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கணக்காளர், இரண்டு தையல்காரர்கள், காலையில் வந்து கூட்டிப் பெருக்குகிற ஒருவர், ஆக நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்காளருக்கு மாதம் 7,200. ஆறு மாதத்துக்கு 43,200. வரி 425 ரூபாய். கூட்டுகிறவருக்கு மாதம் 3,400. ஆறு மாதத்துக்கு 20,400. 21,000-க்குள் இருப்பதால் வரி இல்லை. இந்த இரண்டிலும் குழப்பம் கிடையாது.

தையல்காரர்களுக்கு உருப்படிக் கூலி. அதனால் மாதத்துக்கு மாதம் மாறும். முதல் தையல்காரருக்கு ஏப்ரல் 7,650, மே 6,900, ஜூன் 7,800, ஜூலை 7,950, ஆகஸ்ட் 8,050. ஐந்து மாதம் சேர்த்து 38,350. செப்டம்பர் கூலி இன்னும் தெரியாது. ஐந்து மாதச் சராசரி 7,670. ஆறால் பெருக்கினால் 46,020 வருகிறது. 45,000-ஐத் தாண்டுகிறது, எனவே ஆகஸ்ட் கூலியில் 930 பிடிக்கிறோம். இரண்டாவது தையல்காரர் மே மாதத்தில் உடம்பு சரியில்லாமல் லீவு போட்டவர். ஐந்து மாதத்துக்கு 36,700. சராசரிப்படி ஆறு மாதத்துக்கு 44,040. அவருக்கு 425.

செப்டம்பர் முடிந்ததும் மறுபடியும் கூட்ட வேண்டும். முதல்வருக்கு 8,000 வந்து மொத்தம் 46,350 ஆனது, இரண்டாமவருக்கு 7,900 வந்து 44,600 ஆனது. இரண்டும் போட்ட படியிலேயே இருக்கின்றன, மாற்ற வேண்டியதில்லை. ஒருவேளை இரண்டாமவருக்கு செப்டம்பரில் 8,400 வந்திருந்தால் 45,100 ஆகி, 930 கட்ட வேண்டியிருக்கும். அப்போது பாக்கி 505 ரூபாயை செப்டம்பர் கூலியில் பிடிக்க வேண்டும். 45,000-ஐ நூறு ரூபாய் தாண்டினதுக்கு ஐந்நூறு ரூபாய் வரியா என்று அவர் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. படிக்கு அருகில் நிற்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது.

ஆக நாம் கட்ட வேண்டியது 425, 930, 425 சேர்த்து 1,780 ரூபாய்.

இதைக் கட்ட நிறுவனத்தின் பெயரில் ஒரு தொழில் வரி எண் வேண்டும். மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் வருவாய்த் துறையில் விண்ணப்பித்தால் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு அரையாண்டும் வேலை செய்பவர் பெயர், ஆறு மாதச் சம்பளம், வரி என்று ஒரு பட்டியல் தயாரித்து அந்த எண்ணில் கட்டுகிறோம். சென்னைக்கு மாநகராட்சியின் இணையதளத்திலேயே கட்டலாம். மற்ற நகரங்களுக்கு tnurbanepay.tn.gov.in, கிராம ஊராட்சிகளுக்கு vptax.tnrd.tn.gov.in என்ற தளங்கள் உள்ளன. முதல் அரையாண்டுக்கு செப்டம்பர் 30-க்குள், இரண்டாம் அரையாண்டுக்கு மார்ச் 31-க்குள் கட்டிவிட வேண்டும். செப்டம்பர் கூலியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டி இருப்பதால் கடைசி வாரக் கணக்கை மாதம் முடியும் முன்பே போட்டு வைப்பது நல்லது.

பொருளாளர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சம்பளத்தில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்டும் பொறுப்பு சம்பளம் கொடுப்பவருடையது. "பாவம், பிடிக்க மனசு வரல" என்று விட்டுவிட்டால் பிறகு கூட்டமைப்பின் பணத்திலிருந்துதான் போகும்.

வெளியே வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு வேறு வகைத் தொல்லை. நிறைய கம்பெனிகளும் ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர்களும் ஆகஸ்டில் மொத்தமாகப் பிடிக்காமல் மாதாமாதம் பிடிக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் சிலர் ஆள் பார்க்காமல் எல்லாருக்கும் 208 ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். 208 என்பது 1,250-ஐ ஆறால் வகுத்த தொகை, அதாவது மேல்படிக்காரருக்கு உரியது. ஹவுஸ்கீப்பிங் வேலையில் மாதம் 11,500 வாங்குபவருக்கு ஆறு மாதத்துக்கு 69,000. அவர் கட்ட வேண்டியது 1,025. ஆறு மாதமும் 208 பிடித்தால் 1,248 போகிறது, 223 ரூபாய் அதிகம். ஐம்பது பேர் வேலை செய்யும் இடமென்றால் அரையாண்டுக்கு 11,150 ரூபாய். இது மாநகராட்சிக்குப் போகிற பணம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆறு மாதச் சம்பளச் சீட்டு போதும். மொத்தச் சம்பளத்தை ஒரு பக்கம் கூட்டுங்கள், பி.டி. பிடித்ததை இன்னொரு பக்கம் கூட்டுங்கள். மேலே சொன்ன படியோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் சூப்பர்வைசரிடம் வாயால் கேட்காமல், கணக்கை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துக் கேளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

சரியான தொகையைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. இதைச் சம்பளச் சீட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ரசீதைத்தான் பார்க்க வேண்டும். மாநகராட்சி ரசீது கம்பெனி பெயரில் மொத்தத் தொகைக்குத்தான் வரும், உங்கள் பெயர் அதில் இருக்காது. ஆகவே எந்த அரையாண்டு என்று பார்த்து, ரசீதோடு உங்கள் பெயர் உள்ள பட்டியலின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அரையாண்டு நடுவில் வேலை மாறுகிறவர்களுக்கு இந்த நகல் கட்டாயம் தேவைப்படும். அதே அரையாண்டுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு உள்ளாட்சிக்கு வரி கட்டியிருந்தால், புதிய இடத்தில் முழுத் தொகையும் கட்ட வேண்டாம், வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் கட்டினால் போதும். ஆனால் கட்டியதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பழைய கம்பெனியில் கடைசிச் சம்பளம் வாங்கும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கண் பார்வை முழுதும் இல்லாதவர், கை கால் முழுதாகச் செயல்படாதவர் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் மருத்துவச் சான்றிதழின் நகலை வேலை செய்யும் இடத்தில் ஜூலை மாதத்துக்குள் கொடுத்து வைத்தால் ஆகஸ்டில் பிடிக்காமல் இருக்கச் சொல்லலாம். நம் குழுக்களில் இப்படி யாராவது இருந்து, இதுவரை பிடித்துக்கொண்டிருந்தால், சம்பளச் சீட்டுகளோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.