பதினோரு வருஷத்தை ஒரு பக்கத்தில் எழுதிய மாதம்

ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு மாடலை நிறுத்தியதும் இரண்டாவது ஷிஃப்டுக்கே வேலையில்லாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஐடி கார்டு, லாக்கர் சாவி, கம்பெனி சிம் கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று ராத்திரியே பழைய பயோடேட்டாவைத் தேடியெடுத்துப் பத்துப் பதினைந்து இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. மூன்று நாள் கழித்து அதை நானே நிதானமாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. "மேன்பவர் ஹேண்ட்லிங், ப்ரொடக்‌ஷன் பிளானிங், 5எஸ், கைசன்" என்று இருந்தது. எந்த ஃபேக்டரியில் எந்த சூப்பர்வைசர் எழுதினாலும் இதைத்தான் எழுதுவார். டிராயிங்கில் டிசைனர் பெயர் இருக்கும். ஆடிட் ரிப்போர்ட்டில் குவாலிட்டி ஆள் பெயர் இருக்கும். ஷிஃப்ட் ஒழுங்காக ஓடியதற்குச் சூப்பர்வைசர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. என் வேலைக்கு இரண்டு இடத்தில்தான் சாட்சி இருந்தது: என் ஞாபகத்தில், என்னோடு வேலை செய்தவர்கள் மனதில். அந்த இரண்டையும் வெளியே கொண்டுவருவதுதான் இந்த ஒரு மாதத் திட்டம்.

முதல் வாரம்: போன் நம்பரும் பணக் கணக்கும்

நான் செய்த பெரிய தவறு, கம்பெனி சிம் நம்பரையே எல்லாவற்றுக்கும் கொடுத்து வைத்திருந்தது. ஆதார், வங்கிக் கணக்கு, பி.எஃப்., வேலைவாய்ப்புத் தளம் எல்லாம் அந்த ஒரு நம்பரில். சிம்மைக் கொடுத்த மறுநாள் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கப் போனால், ஓ.டி.பி. என் கையில் இல்லாத நம்பருக்குப் போகிறது. ஆதார் மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றி, பிறகு வங்கி, பிறகு பி.எஃப். என்று சரிசெய்ய நாலு நாள் ஓடிவிட்டது. சொந்த நம்பர் வைத்திருப்பவர்கள் இந்த நாலு நாளை மிச்சப்படுத்தலாம்.

அடுத்தது கிராஜுவிட்டி. ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு அது உரிமை. ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தாலும் உண்டு. என் கணக்கில், கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கினார்கள். எனக்கு பேசிக் 18,000 ரூபாய். பதினோரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,14,000 ரூபாய் வந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், பைக் தவணை எல்லாம் போட்டுப் பார்த்தால் மூன்று மாதம் தாங்கும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்துதான் போட்டேன். "மூணு மாசம் இருக்குல்லங்க, முதல்ல வந்த வேலைக்கு ஓடாதீங்க" என்று அவள் சொன்னது பின்னால் உதவியது.

பி.எஃப். பணத்தை எடுக்காமல் விட்டேன். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். அதைக் கடந்த பிறகு கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்வதே எனக்கு நல்லது. பாஸ்புக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது ஏறாவிட்டால் அடுத்த இடத்தில் கணக்கை மாற்றும்போது சிக்கும்.

இரண்டாம் வாரம்: ஒரு பக்கம், மூன்று வேலை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நான் பார்த்த ஒவ்வொரு லைனுக்கும் நாலு கேள்வி எழுதினேன். எத்தனை மெஷின், எத்தனை ஆள்? நான் வந்தபோது என்ன பிரச்சினை இருந்தது? நான் எதை மாற்றினேன்? அதனால் என்ன எண் மாறியது?

ஒரு உதாரணம். எங்கள் 150 டன் பிரஸ்ஸில் டை மாற்ற 70 நிமிஷம் ஆகும். ஒரு ஷிஃப்டில் மூன்று தடவை மாற்றுவோம். ஒருநாள் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷின் நின்ற பிறகுதான் பையன் டையைத் தேடி ரேக்குக்குப் போகிறான், போல்ட் எடுக்க டூல் ரூமுக்குப் போகிறான். டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம் என்பதால் ஒவ்வொரு தடவையும் ராம் உயரத்தை முதலிலிருந்து செட் செய்கிறார்கள். அதன் பிறகு, முந்தைய ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டையும் காயிலும் பிரஸ் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்தோம். கிளாம்ப் போல்ட்டுகளை ஒரே சைஸாக்கினோம். உயரம் குறைந்த டைகளுக்கு அடியில் பிளேட் போட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். இரண்டு மாதத்தில் 70 நிமிஷம் 28 ஆனது. ஒரு மாற்றத்துக்கு 42 நிமிஷம், ஷிஃப்டுக்கு மூன்று மாற்றம் என்றால் 126 நிமிஷம் மிச்சம். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு உருப்படி என்றால் ஒரு ஷிஃப்டில் ஏறக்குறைய 1,500 உருப்படி கூடுதல்.

பயோடேட்டாவில் இது இரண்டு வரி: "150 டன் பிரஸ்ஸில் டை மாற்றும் நேரத்தை 70 நிமிஷத்திலிருந்து 28 நிமிஷமாகக் குறைத்தேன், ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம்." இதுபோல மூன்று வேலைகளை எழுதினேன்: ஒன்று உற்பத்தி, ஒன்று ரிஜெக்‌ஷன், ஒன்று ஆட்கள் சம்பந்தப்பட்டது. மூன்று பக்க பயோடேட்டா ஒரு பக்கமானது. எண் சரியாக ஞாபகமில்லாத இடத்தில் "சுமார்" என்று போட்டேன். பழைய கம்பெனியின் ரிப்போர்ட், டிராயிங், வாடிக்கையாளர் விலை எதையும் எடுத்து வரவில்லை; யாரும் எடுத்து வரக்கூடாது. இன்னொரு கம்பெனியின் தாளைக் காட்டுபவன் நாளைக்கு நம் தாளையும் காட்டுவான் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

பதவிப் பெயரையும் கவனியுங்கள். நான் பார்த்த அதே வேலை ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ், இன்னொன்றில் ஜூனியர் இன்ஜினியர், வேறொன்றில் லைன் லீடர். நௌக்ரியிலும் தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் "சூப்பர்வைசர்" என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தவரை பாதி வேலைகள் என் கண்ணிலேயே படவில்லை.

மூன்றாம் வாரம்: நம் வேலையைப் பார்த்தவர்கள்

முதலில் சொந்தக்காரர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும் போன் செய்தேன். எல்லோரும் அக்கறையாகப் பேசினார்கள். ஆனால் நான் ஷிஃப்ட் நடத்தி அவர்கள் பார்த்ததில்லை. பிறகு வேறு பட்டியல் போட்டேன். எங்களுக்கு டை சர்வீஸ் செய்த டூல் ரூம்காரர், பிரஸ் மெக்கானிக், ஆயில் சப்ளையர், ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டர், எங்களைவிட்டு வேறு கம்பெனிக்குப் போன குவாலிட்டி ஆட்கள். இவர்கள் வாரத்துக்குப் பத்து ஃபேக்டரிக்குள் போய் வருபவர்கள். எங்கே புது பிரஸ் இறங்குகிறது, எங்கே சூப்பர்வைசர் நிற்காமல் ஓடுகிறார் என்பது விளம்பரம் வருவதற்கு முன்பே இவர்களுக்குத் தெரியும். மொத்தம் இருபத்திரண்டு பெயர். ஒரு நாளைக்கு நாலு பேர் வீதம் பேசினேன்.

"வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால், "சரி, பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். குறிப்பாகக் கேட்க வேண்டும். அம்பத்தூர் டூல் ரூம்காரரிடம் இப்படிக் கேட்டேன்: "அண்ணே, நூறு டன்னுக்கு மேல பிரஸ் ஓட்டுற இடத்துல, டை செட்டிங்ல சிரமப்படுற கம்பெனி ஏதாவது தெரியுமா?" அவர் யோசித்துவிட்டு, "இருங்காட்டுக்கோட்டையில ஒரு இடம் இருக்கு தம்பி, வாரத்துக்கு ரெண்டு டை உடைஞ்சு என்கிட்ட வருது. பிளான்ட் ஹெட்கிட்ட உங்களைப் பத்திச் சொல்றேன், அந்த ஒரு பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க" என்றார். கம்பெனிக்கு இருக்கும் வலியைக் கேட்டதால்தான் அவருக்கு ஓர் இடம் ஞாபகம் வந்தது. அந்த இருபத்திரண்டு பேரில் ஐந்து பேர் மூலம் எனக்கு அழைப்பு வந்தது. ஆன்லைனில் நாற்பதுக்கு மேல் விண்ணப்பித்து, வந்த அழைப்பு இரண்டு.

அந்த வாரத்தில் இன்னொரு போனும் வந்தது. ஆஃபர் தயார், சீருடைக்கும் பயிற்சிக்கும் 4,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். மெயில் வந்தது ஒரு இலவச மெயில் முகவரியிலிருந்து. வேலை கொடுக்கப் பணம் கேட்டால் அது வேலையே இல்லை, போனை வைத்துவிடுங்கள்.

நான்காம் வாரம்: மேஜையிலும் லைனிலும்

சூப்பர்வைசர் இன்டர்வியூவில் பாதி மேஜையில் நடக்கும், மீதி ஷாப் ஃப்ளோரில். மேஜையில் எனக்கு இரண்டு இடத்தில் கேட்ட கேள்வி: "காலை ஷிஃப்டில் நாலு பேர் வரவில்லை, பன்னிரண்டு மெஷின் ஓட வேண்டும், என்ன செய்வீர்கள்?" முதல் இடத்தில், "எப்படியாவது ஆள் பிடித்து ஓட்டிவிடுவேன்" என்றேன். அவர் முகம் மாறியது. இரண்டாவது இடத்தில் வரிசையாகச் சொன்னேன். அன்றைக்கு எந்த உருப்படி லோடு ஏற வேண்டும் என்று டிஸ்பாட்சில் கேட்பேன். அந்த மெஷின்கள் முதலில். ஸ்கில் சார்ட்டில் யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று பார்த்து ஆளை மாற்றுவேன். பயிற்சி இல்லாதவரைப் பிரஸ்ஸில் நிறுத்த மாட்டேன். அதற்கு ஒரு மெஷின் நின்றாலும் பரவாயில்லை, அதை ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே மேலே சொல்லிவிடுவேன். பிரஸ்ஸில் விரல் போன ஒருவரை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். அதனால் அந்தப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

லைனுக்குக் கூட்டிப்போனால் வேடிக்கை பார்க்காதீர்கள். மணிக்கொரு எண்ணிக்கை எழுதும் போர்டு நிரம்பியிருக்கிறதா, சிவப்புத் தொட்டியில் என்ன கிடக்கிறது, முதல் பீஸ் கையெழுத்தாகி மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததைக் குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்.

சம்பளப் பேச்சில் ஆண்டுத் தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதில் அடங்கியிருக்கும். கைக்கு மாதம் எவ்வளவு, சேர்வது கம்பெனி பேரிலா கான்ட்ராக்டர் பேரிலா, இரவு ஷிஃப்டுக்கு பஸ் உண்டா என்ற மூன்றையும் வாயால் கேட்டு, ஆஃபர் கடிதத்தில் பாருங்கள்.

முப்பதாம் நாள் என் கையில் ஆஃபர் இல்லை. ஐந்து இன்டர்வியூ முடிந்து, இரண்டு இடம் முடிவு சொல்லாமல் இருந்தது. முப்பத்தொன்பதாம் நாள் இருங்காட்டுக்கோட்டையில் சேர்ந்தேன். கைக்கு வருவது முன்பைவிட 1,500 ரூபாய் குறைவு. ஆனால் கம்பெனி பேரில், பகல் ஷிஃப்ட்.

இப்போது வேலையில் இருக்கும் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் எதைச் சரிசெய்தீர்கள், முன்பு எத்தனை நிமிஷம், பிறகு எத்தனை நிமிஷம் என்று மாதம் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் சொந்த நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கேட்டுக்கு வெளியே வந்த பிறகு நான் ஞாபகத்திலிருந்து தேடி எடுத்ததை, நீங்கள் உள்ளே இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம்.