தேக்கமுற்ற ஆய்வும் திருத்திய கால அட்டவணையும்: நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சலின் அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வு இடையில் தேங்கும்போது ஆய்வாளர் தம் நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல், நிலையை உள்ளவாறு உரைப்பதாகவும் நடைமுறைக்கு ஏற்ற புதிய காலவரையறையை முன்வைப்பதாகவும் அமைதல் வேண்டும். அக்காலவரையறை ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து பெறப்படாமல், அவர் இதுகாறும் செய்த பணியின் வேகத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதைச் சுவடி ஒப்பீட்டாய்வு ஒன்றின் மாதிரி வாயிலாக இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெறியாளர், காலவரையறை, சுவடி ஒப்பீடு, பணிவேகம், ஆய்வு எல்லை.

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் மிகுதியாக ஆறு ஆண்டுகளும் வகுத்திருந்தன. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கியிருந்தது. ஆய்வு தேங்கியதை மறைத்து வைத்தால் அது குழுவின்முன் வெளிப்படும். அப்போது ஆய்வின் எல்லையை மாற்றியமைக்கப் போதிய காலம் எஞ்சுவதில்லை. ஆதலின், குழுக் கூட்டத்திற்கு முன்னரே நெறியாளருக்கு எழுதுவது ஆய்வைக் காக்கும் செயலாகிறது.

கணிப்பு பிழைபடும் வகை

தேக்கத்தை ஒப்புக்கொள்ளும் மடல்கள் பெரும்பாலும் பிழைபடும் இடம், அவை தரும் புதிய தேதியே ஆகும். ஒரு பணிக்கு வேண்டிய காலத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடும் இயல்பை டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் சுட்டினர். ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய 37 உளவியல் மாணவரிடம் அவர்தம் கணிப்பு கேட்கப்பட்டது. சராசரிக் கணிப்பு ஏறத்தாழ 34 நாள்; உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாள். எல்லாம் மோசமாக நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்ற வினாவிற்கு அவர்கள் தந்த விடைகூடச் சராசரியாக 49 நாளைத் தாண்டவில்லை.

இதற்குரிய காரணத்தையும் அவ்வாய்வாளர் காட்டினர். கணிப்பவர் எதிர்காலத் திட்டத்தையே எண்ணுகிறார். முன்னர்த் தாம் செய்த பணிக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை எண்ணுவதில்லை. எனவே ‘இனி விரைந்து முடிப்பேன்’ என்னும் தொடர், அது உண்மையான உறுதியோடு எழுதப்பட்டதேயாயினும், காலவரையறைக்கு அடிப்படையாகாது.

மாதிரி ஆய்வும் அதன் கணக்கும்

கதைப்பாடல் ஒன்றின் மூன்று ஓலைச்சுவடிப் படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஆராயும் ஆய்வாளர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஐந்து இயல்களுள் முதல் இரண்டும் ஏற்கப்பட்டுவிட்டன. மூன்றாம் இயல் அரைகுறையாக உள்ளது. ஒவ்வொரு படியிலும் 60 ஏடுகள். ஆய்வாளர் கௌரவ விரிவுரையாளராகப் பணியேற்றதால் வாரத்தில் இரண்டு நாளே சுவடி நூலகம் செல்ல இயலுகிறது. ஆறாண்டு எல்லை 2027 மார்ச்சு இறுதியில் முடிகிறது. மடல் எழுதும் நாள் 2026 ஜனவரி 5.

முதற்படியின் 60 ஏடுகளுக்கு 10 வாரம் ஆயிற்று; அதாவது நாளொன்றுக்கு மூன்று ஏடு. மூன்றாம் படி செல்லரித்தது. அதனைப் படித்துப் பார்த்த நான்கு நாளில் நான்கு ஏடுகளே முடிந்தன, எஞ்சியவை 56. இவ்வேகத்தின்படி இரண்டாம் படிக்கு 10 வாரமும் மூன்றாம் படிக்கு 28 வாரமும் தேவை. இரண்டாம் இயல் எழுதவும் திருத்தவும், நெறியாளர் படித்த நாளையும் சேர்த்து, 9 வாரம் ஆயிற்று. ஆகவே நான்காம், ஐந்தாம் இயல்களுக்கு 18 வாரம். மூன்றாம் இயலை வீட்டிலிருந்தே ஒப்பீட்டுக் காலத்தில் முடிக்கலாம். தொகுப்பு, ஒப்புமைச் சோதனை, துறையில் நிகழ்த்தும் முன்னுரை ஆகியவற்றுக்கு 6 வாரம். கூடுதல் 62 வாரம். நோய், தேர்வுப்பணி ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 வாரம் சேர்த்தால் 74 வாரம். அது 2027 ஜூன் தொடக்கத்தில் முடிகிறது, எல்லையைக் கடந்துவிடுகிறது.

இக்கணக்கே ஆய்வாளரை ஓர் உண்மைக்கு இட்டுச் செல்கிறது: கூடுதல் உழைப்பால் மட்டும் இது தீராது, எல்லை சுருங்க வேண்டும். மூன்றாம் படியில் முதல் 20 ஏடுகளை மட்டும் முழுமையாக ஒப்பிட்டால், படித்தவை போக 16 ஏடுகளுக்கு 8 வாரம் போதும். அப்போது மொத்தம் 42 வாரம். ஒதுக்கீடு 8 வாரம் சேர்த்து 50 வாரம். 2026 டிசம்பர் 20இல் முடிகிறது.

மாதிரி மின்னஞ்சல்

பொருள்: ஆய்வு தேக்கமும் திருத்திய கால அட்டவணையும் – தங்கள் முடிவு வேண்டல்

மதிப்பிற்குரிய ஐயா,
வணக்கம். டிசம்பரில் சுவடி ஒப்பீட்டை முடிப்பதாகத் தங்களிடம் கூறியிருந்தேன். அது நிறைவேறவில்லை. முதற்படி மட்டுமே முடிந்துள்ளது. கடந்த ஐந்து திங்களில் பணி ஏறக்குறைய நின்றுவிட்டது. வாரம் இரு நாளே நூலகம் செல்ல முடிவதும், மூன்றாம் படி செல்லரித்திருப்பதும் காரணங்கள். இதனை முன்னரே தெரிவிக்காதது என் பிழை.

மூன்று படிகளையும் முழுமையாக ஒப்பிட்டால் 2027 ஜூன் ஆகும். என் எல்லை மார்ச்சு. எனவே மூன்றாம் படியின் முதல் 20 ஏடுகளை மட்டும் ஒப்பிட இசைவு வேண்டுகிறேன். இசைந்தால் அட்டவணை இவ்வாறு அமையும்:

மூன்றாம் இயல் தங்கள் பார்வைக்கு: பிப்ரவரி 15
இரண்டாம் படி ஒப்பீடு: மார்ச்சு 15
மூன்றாம் படியின் பகுதி: மே 10
நான்காம் இயல்: ஜூலை 12
ஐந்தாம் இயல்: செப்டம்பர் 13
முழு ஆய்வேடு: அக்டோபர் 25
ஒதுக்கிய காலம்: டிசம்பர் 20 வரை

பிப்ரவரி 15க்குள் இரண்டாம் படியில் 30 ஏடுகள் முடியவில்லையெனில் அன்றே தெரிவிப்பேன். ஏடுவாரியான கணக்கை இணைத்துள்ளேன். தங்களுக்கு வாய்ப்பான நாளில் நேரில் காண விழைகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் ஆய்வு மாணவர்

மடலின் நுட்பங்கள்

மடல் முதற்பத்தியிலேயே ‘நிறைவேறவில்லை’ என்கிறது. ‘ஓரளவு முன்னேற்றம் உள்ளது’ என்று தொடங்கும் மடலில் நெறியாளர் உண்மை நிலையைத் தேடிக் காண வேண்டியிருக்கும். காரணம் இரண்டு தொடர்களில் முடிகிறது. அவை இரண்டும் அட்டவணையைப் பாதிப்பவை என்பதாலேயே இடம்பெறுகின்றன.

எல்லையைச் சுருக்குவதற்கு விலை உண்டு. மூன்றாம் படியின் எஞ்சிய 40 ஏடுகளில் மட்டும் வரும் பாடவேறுபாடுகள் இவ்வாய்வில் கிட்டா. அது பதிப்பு நோக்கில் சிறு இழப்பன்று. ஆகவே அதனை ஆய்வாளர் தாமே முடிவு செய்யாமல் இசைவு வேண்டுகிறார். இசைவு கிடைப்பின் ஆய்வேட்டின் முன்னுரையில் இவ்வரம்பைக் குறிக்கவும் வேண்டும். நெறியாளர் மறுத்து, மூன்றாம் படியை முழுமையாகவே கோரினால், கால நீட்டிப்பிற்கு விண்ணப்பிக்கும் வழியை மார்ச்சு வரும்முன்னே இருவரும் ஆராயலாம்.

பிப்ரவரி 15க்குரிய 30 ஏடு என்னும் அளவும் கணக்கிலிருந்தே வந்தது. ஆறு வாரத்தில் 36 ஏடு முடிய வேண்டும். 30க்கும் கீழ் இறங்கினால் ஒதுக்கிய காலம் தொடக்கத்திலேயே கரைகிறது என்பது பொருள்.

தொகுப்புரை

பொருந்தாத அட்டவணையை எளிதில் இனங்காணலாம். ஒவ்வோர் இயலுக்கும் ஒரே அளவு காலம் தரப்பட்டிருக்கும். நெறியாளர் படிக்கும் நாள் கணக்கில் இராது. கடைசித் தேதி பல்கலைக்கழக எல்லையோடு ஒட்டி நிற்கும். முன்னைய வேகத்தைக் காட்டும் எண் ஒன்றும் இராது. மடலை அனுப்புமுன் ஆய்வாளர் இந்நான்கையும் சரிபார்த்தால், நெறியாளர் முடிவெடுப்பதற்குப் போதுமான செய்தி அதில் அமைந்துவிடும்.