உதவி மைய அழைப்புகளும் பாய்சான் பரவலும்

ஓர் உதவி மையத்திற்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை தொலைபேசி அழைப்புகள் வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது. ஆயினும், அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் வருமாயின், அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும். பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் சிமியோன் டெனி பாய்சான் 1837இல் வெளியிட்ட நூலில் இப்பரவல் இடம்பெற்றது. சராசரி λ எனில், x அழைப்புகள் வருவதற்கான நிகழ்தகவு பின்வருமாறு அமையும்:

P(x) = e^(−λ) λ^x / x!

ஒரு மையத்தில் 100 மணி நேரங்களில் மொத்தம் 200 அழைப்புகள் வந்தன எனக் கொள்க. எனவே λ = 2; e^(−2) = 0.1353. ஒவ்வொரு நிகழ்தகவையும் 100ஆல் பெருக்க, எதிர்பார்க்கும் அலைவெண் கிடைக்கும்.

| அழைப்புகள் | கண்டவை (O) | எதிர்பார்ப்பவை (E) |
|---|---|---|
| 0 | 22 | 13.5 |
| 1 | 24 | 27.1 |
| 2 | 20 | 27.1 |
| 3 | 14 | 18.0 |
| 4 | 10 | 9.0 |
| 5, அதற்கு மேல் | 10 | 5.3 |

எதிர்பார்க்கும் அலைவெண் 5க்குக் குறையும் பிரிவுகளைத் தனியே வைத்தால் சோதனை நம்பகமாக அமையாது. ஆகவே, 5ஆம் அதற்கு மேற்பட்டவையும் ஒரே பிரிவாக இணைக்கப்பட்டுள்ளன.

பொருத்தத்தைக் கை-வர்க்கச் சோதனையால் அறியலாம். ஒவ்வொரு பிரிவிற்கும் (O − E)²/E கண்டு கூட்டினால் 12.73 கிடைக்கிறது. பிரிவுகள் 6, மொத்தம் 100 என நிலைபெற்றதால் ஒன்றும், λவைத் தரவிலிருந்தே மதிப்பிட்டதால் மற்றொன்றும் கழிய, கட்டின்மைக் கூறுகள் 4. 5% மிகைகாண் நிலையில் இதற்குரிய அட்டவணை மதிப்பு 9.49. கணக்கிட்ட மதிப்பு அதனினும் மிகுதி; எனவே, λ = 2 கொண்ட பாய்சான் பரவல் இத்தரவிற்குப் பொருந்தவில்லை.

காரணம் யாது? பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமம். இத்தரவிலோ (5 அழைப்புகள் 6 மணி நேரங்களிலும், 6 அழைப்புகள் 4 மணி நேரங்களிலும் வந்தன) சராசரி 2, பரவற்படி 2.84. பரவற்படி இவ்வாறு மிகுவது, வீதம் மாறாதிருக்கவில்லை என்பதற்கு ஓர் அறிகுறியாகும். பதிவேட்டைப் பிரித்து நோக்கின், காலை 50 மணி நேரங்களில் 150 அழைப்புகளும், மாலை 50 மணி நேரங்களில் 50 அழைப்புகளும் வந்திருப்பது புலனாகும். அதாவது, காலையில் λ = 3; மாலையில் λ = 1.

இவ்விரு பரவல்களையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால், அழைப்பே வராத மணி நேரங்கள் 20.9 என்றும், ஐந்தோ அதற்கு மேலோ வருபவை 9.4 என்றும் கிடைக்கும். கண்டவை முறையே 22, 10. வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது.

பணியாளர் எண்ணிக்கையை λ = 2 எனும் ஒரே சராசரி கொண்டு முடிவுசெய்தால், காலையில் அழைப்பாளர் காத்திருக்க நேரும்; மாலையில் பணியாளர் வேலையின்றி இருப்பர். பொருந்தாமை கண்டபோது பரவலைக் கைவிடுவதற்கு முன், அதன் நிபந்தனைகளுள் எது மீறப்பட்டது என ஆராய்தல் வேண்டும்.