கூந்தல் இழை எங்கே முடிகிறது?

கணிப்பொறி தானாக உருவாக்கிய ஒரு பெண்ணின் படத்தை நாம் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணிலும் மூக்கிலும் குறையில்லை. ஆனால் காதின் பின்புறத்தில் தொடங்கிய ஒரு கூந்தல் இழையைத் தொடர்ந்து சென்றால், அது கழுத்தருகே மெல்ல நிறம் மாறி, பின்னாலிருந்த சன்னல் திரையின் மடிப்பாகவே ஆகிவிட்டது! தோடும் காது மடலைத் தொடாமல் கூந்தலில் ஒட்டியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட படத்தை முதலில் பக்கத்துக்கு 64 கட்டங்களாகச் சுருக்கியே அமைத்தது. எனவே ஒரு கட்டத்துக்குள் 64 புள்ளிகள் அடங்கும். ஓரிரு புள்ளி அகலமே உள்ள இழையும் அதன் பின்னுள்ள திரையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடுகின்றன. பின்பு படத்தை விரிக்கும்போது, இழை எது, திரை எது என்று ஊகித்தே நிரப்ப வேண்டியிருக்கிறது.

இழை மறைந்தது என்பதற்காகவே படம் பொய் என்று சொல்லிவிடலாகாது. தோழி ஒருத்தியின் உண்மைப் படத்தை அவ்வாறு சொல்லிவிட்டு நாமே வெட்கப்பட்டோம். பின்னணியை மங்கலாக்கிக் கைப்பேசியில் எடுத்த படம் அது. அங்கே இழைகள் மங்கி அறுபட்டிருந்தனவேயன்றி வேறொரு பொருளாக மாறவில்லை. தோடும் மடலிலேயே தொங்கியது.