நகைச் சீட்டா, மொத்தமா வாங்குறதா? அந்த ஒரு மாத போனஸ் எங்கே போகுதுன்னு பார்ப்போம்



எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு அக்கா போன மாசம் ஒரு கேள்வியோட வந்தாங்க. அவங்க ஆர்டி முடிஞ்சு கையில ரூ.55,000 இருக்கு. அடுத்த வருஷம் மகளுக்குக் கல்யாணம், ஒரு செயின் எடுக்கணும். பெரிய நகைக்கடை ஒன்றில் சீட்டு இருக்கு: மாதம் 5,000 வீதம் 11 மாதம் கட்டினால், கடை ஒரு தவணை போனஸ் போட்டு 60,000-க்கு நகை தரும். "தம்பி, 5,000 சும்மா வருதே, விடலாமா?" என்று கேட்டார்.

இதே கேள்வி உங்க வீட்டிலும் இருக்கலாம். அதனால அவங்களுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கை அப்படியே இங்கே தருகிறேன்.

போனஸ் உண்மையில் எவ்வளவு?

55,000-க்கு 5,000 என்றால் 9% என்று தோன்றும். ஆனால் முழுப் பணமும் 11 மாதம் கடையில் இருப்பதில்லை. முதல் தவணை 11 மாதம் இருக்கும், கடைசித் தவணை ஒரே மாதம்தான். அப்படிக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 17% வருது. எந்த வங்கி ஆர்டியும் இதைத் தராது.

அப்போ கடைக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தை நீங்கள் வேறு எங்கும் செலவழிக்க முடியாது, அவங்க கடையில் நகையாகத்தான் எடுக்க முடியும். நகை என்றால் சேதாரம் உண்டு. போனஸில் பெரும்பகுதி அந்த வழியாகத் திரும்பிப் போகிறது.

சேதாரத்தைச் சேர்த்துப் பார்த்தால்

கணக்கு சுலபமாக இருக்க, 22 கேரட் கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். அக்கா பார்த்த செயினுக்குச் சீட்டுக் கடையில் சேதாரம் 14%. அவங்க வழக்கமா வாங்குற கடைவீதிக் கடையில் அதே மாதிரி செயினுக்கு 9%. இரண்டுமே 916 ஹால்மார்க், ஆறு எழுத்து எச்யூஐடி எண்ணோடு. இது முக்கியம். தரம் ஒன்றாக இருந்தால்தான் சேதாரத்தை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கு.

சீட்டுக் கடையில் சேதாரமும் 3% ஜிஎஸ்டியும் சேர்த்து ஒரு கிராம் ரூ.11,742 ஆகிறது. 60,000-க்குக் கிடைப்பது 5.11 கிராம். கடைவீதிக் கடையில் ஒரு கிராம் ரூ.11,227. போனஸ் இல்லாத 55,000-க்கே 4.90 கிராம் கிடைக்கிறது.

வித்தியாசம் 0.21 கிராம்தான், அதாவது ஏறக்குறைய ரூ.2,100 தங்கம். 5,000 போனஸில் பாதிக்கு மேல் சேதாரத்திலேயே கரைந்துவிட்டது. அதுவும் தங்கம் விலை 11 மாதமும் அசையாமல் நின்றால்!

விலை ஏறினால்?

நிறைய பேர் கவனிக்காத இடம் இதுதான். இந்த வகைச் சீட்டில் சேர்வது ரூபாய், தங்கம் அல்ல. முதிர்வு நாளன்று என்ன விலையோ அந்த விலைக்குத்தான் நகை.

அக்கா சீட்டில் சேர்ந்தால், மீதிப் பணம் தவணை போகப் போகக் குறைந்தாலும் வங்கியில் கொஞ்சம் வட்டி தரும். 6% என்றால் சுமார் ரூ.1,375. அதையும் சீட்டின் பக்கமே சேர்த்துவிட்டேன். அப்படியும், தங்கம் விலை 11 மாதத்தில் 6.7%-க்கு மேல் ஏறினால் இன்றே வாங்குவதுதான் லாபம். இரண்டு கடையிலும் ஒரே சேதாரம் என்றால் இந்த எல்லை 11.6% ஆகும்.

விலை ஏறுமா என்று யாராலும் சொல்ல முடியாது. உலகச் சந்தையில் 2013-ல் தங்கம் கால் பங்குக்கு மேல் இறங்கியது; 2025-ல் பாதிக்கு மேல் ஏறியது. ஆனால் அக்காவுக்கு நகை கட்டாயம் வேணும், தேதியும் குறிச்சாச்சு. விலை இறங்கினால் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். ஏறினால் செயின் மெலிந்துவிடும். "அக்கா, கையில இருக்கிற காசுக்கு இன்னைக்கே எடுத்துடுங்க" என்றேன். எடுத்துவிட்டார்.

கையில் பணம் இல்லை, மாதம் 5,000தான் முடியும் என்றால்?

இப்போது தீர்ப்பு மாறும். உங்களால் இன்று மொத்தமாக வாங்கவே முடியாது. அதனால் ஒப்பிட வேண்டியது மொத்தக் கொள்முதலோடு இல்லை, ஆர்டியோடு. 6% ஆர்டியில் அதே 11 மாதத்தில் வட்டி சுமார் ரூ.1,650. அந்த 56,650-ஐ எடுத்துப் போய் 9% சேதாரக் கடையில் வாங்கினால் 5.05 கிராம். சீட்டில் 5.11 கிராம். இருவரும் வாங்குவது ஒரே நாளில் என்பதால் விலை ஏற்றம் இருவருக்கும் பொது.

ஆக, சீட்டு நூலிழையில் ஜெயிக்கிறது. ஆனால் அந்தக் கடையின் சேதாரம் 15.4%-ஐத் தாண்டினால் அதுவும் தோற்கும்.

சில கடைகளில் இன்னொரு வகைச் சீட்டு உண்டு. கட்டும் பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைப்பார்கள். போனஸ் இருக்காது, பதிலாக முடிவில் ஒரு வரம்பு வரை சேதாரம் தள்ளுபடி. விலை ஏறும் காலத்தில் இது நல்ல பாதுகாப்பு. தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்கு என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

பணம் மாட்டிக்கொள்ளும் விஷயம்

ஏன் பல சீட்டுகள் 11 மாதத்தில் முடியுது தெரியுமா? 2014 கம்பெனி டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும்.

நமக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, இது டெபாசிட் இல்லை. வங்கியில் 5 லட்சம் வரை இருக்கிற காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடினால் கடன்காரர் வரிசையில் நாமும் நிற்கணும். இரண்டு, நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து ஆறாவது மாதம் நிறுத்தினால் பொதுவாக போனஸ் போச்சு. பல கடைகளில் கட்டியதற்கும் நகைதான், ரொக்கம் கிடையாது. அவசரத்துக்கு அந்த நகையை விற்கப் போனால் சேதாரமும் ஜிஎஸ்டியும் முழு நஷ்டம்.

அதனால், சீட்டில் சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் நகையைக் காட்டி, இன்றைய பில் போட்டால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று அந்தக் கடையிலும் இன்னொரு கடையிலும் கேளுங்கள். வித்தியாசம் 6 சதவீதப் புள்ளிக்கு மேல் இருந்தால், அந்த ஒரு மாத போனஸை உங்க காசிலிருந்தே உங்களுக்குத் தருகிறார்கள் என்று அர்த்தம்.